கடன் கடிதத்தைப் பென்சிலோடு படிப்பது

வங்கிக்கு எழுதிய கடன் விண்ணப்பக் கடிதத்தைப் பார்த்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், முதலில் மற்ற காகிதங்களைத்தான் கேட்பேன். மெஷின் கொட்டேஷன், பாஸ்புக், உத்யம் பதிவுச் சான்று, ஏற்கெனவே வாங்கிய கடன் ஏதாவது இருந்தால் அதன் அட்டை. இவை எல்லாம் மேசைமேல் இருந்தால்தான் கடிதத்தைத் திருத்த முடியும். கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை பார்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்துப்பிழைக்காக ஒரு விண்ணப்பம் திரும்பிப் போனதாக எனக்கு நினைவில்லை. கடிதத்தில் ஒரு தொகை, கொட்டேஷனில் வேறு தொகை என்று திரும்பிப் போனவை நிறைய.

ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்தில் இப்படிச் சில கடிதங்கள் என்னிடம் வருகின்றன. அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சிறு தொழில் கடிதங்களில் வரக்கூடிய தவறுகள் பெரும்பாலும் அந்த ஒன்றிலேயே இருந்தன.

ஈரோட்டில் எங்கள் பகுதியில் ஒரு பெண் வீட்டிலேயே நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். இரண்டு மெஷின், உதவிக்கு ஒரு ஆள். ஆர்டர் இருக்கிறது, தைத்துக் கொடுக்க முடியவில்லை. நான்கு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மெஷின் வாங்கி, பக்கத்தில் ஒரு சின்ன ஷெட்டை வாடகைக்கு எடுத்து நடத்தலாம் என்று திட்டம். முத்ரா கடன் கேட்டு எழுதியிருந்தார். 2015இல் தொடங்கிய திட்டம் இது. 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், அதற்கு மேல் தருண் என்று பிரிவுகள். இவருக்கு வேண்டியது கிஷோர். கடிதத்தில் தருண் என்று இருந்தது. எங்கோ கேட்ட பெயர். அதைப் பென்சிலால் அடித்துவிட்டு மேலே போனோம்.

என் வேலை முறை ஒன்றுதான். கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் வட்டமிடுவேன். வட்டத்துக்குப் பக்கத்தில் அந்த எண் எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று எழுதுவேன்: 'கொட்டே', 'பாஸ்', 'எலக்ட்ரீசியன் எஸ்டிமேட்' என்று. காகிதம் இல்லாத எண்ணுக்குக் கேள்விக்குறி. முதல் முறை படிக்கும்போது வாக்கியத்தைப் பார்ப்பதே இல்லை. வாக்கியத்தைப் பார்த்தால் கண் எண்ணைத் தாண்டி ஓடிவிடும்.

அவர் கடிதத்தின் பொருள் வரியில் 'ரூ.4,00,000 கடன் வேண்டி' என்று இருந்தது. முதல் பத்தியில் தொழிலுக்கு ஆகும் மொத்தச் செலவு 4,00,000 என்றும், அதில் என் சொந்தப் பணம் 40,000 போடுகிறேன் என்றும் எழுதியிருந்தார். படிக்கும்போது உறுத்தவே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் உதைக்கும். செலவு 4 லட்சம், கடனும் 4 லட்சம் என்றால் சொந்தப் பணம் 40,000 எங்கே போகிறது? செலவு, கடன், சொந்தப் பங்கு மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள். கடனையும் சொந்தப் பங்கையும் கூட்டினால் செலவு வரவேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் ஃபீல்டு ஆபீசர் பேனாவை அங்கேதான் வைப்பார்.

"மொத்தம் நாலு லட்சம் ஆகுதுங்க அண்ணா. நாப்பது என்கிட்ட இருக்குது. குறைச்சுக் கேட்டா இன்னும் குறைச்சுக் குடுப்பாங்கன்னு என் தம்பி சொன்னான்" என்றார்.

இது எல்லா ஊரிலும் இருக்கும் நம்பிக்கை. பத்து கேட்டால்தான் ஐந்து கிடைக்கும் என்பது சந்தையில் சரி. வங்கியில் தொகையை முடிவு செய்வது செலவுக்கான ஆதாரமும், திருப்பிக் கட்டும் சக்தியும்தான். கூடுதலாகக் கேட்ட பகுதிக்குக் காகிதம் இல்லாதபோது, காகிதம் இருக்கும் பகுதியின்மேலும் சந்தேகம் விழும். சொந்தப் பங்கு எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். இவர் கேட்ட கிளையில் பத்து சதவீதம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆக, கேட்க வேண்டியது 3,60,000.

அடுத்து செலவுப் பட்டியல். கடிதத்தில் மூன்று வரி: மெஷின்கள் 1,70,000, மின் இணைப்பு வேலை 18,000, துணியும் இதர நடைமுறைச் செலவும் 1,90,000. மொத்தம் 4,00,000 என்று போட்டிருந்தது. கால்குலேட்டரில் தட்டினேன். 3,78,000 வந்தது. 22,000 குறைகிறது.

கூட்டல் தப்பும்போது உடனே மொத்தத்தைத் திருத்திவிடக் கூடாது. வித்தியாசத் தொகையைத் தனியாக எழுதிவைத்து, அது வேறு எந்தக் காகிதத்திலாவது தென்படுகிறதா என்று தேட வேண்டும். கொட்டேஷனை விரித்தேன். நான்கு பவர் மெஷின் தலா 28,000 வீதம் 1,12,000. ஓவர்லாக் 42,000. கட்டிங் மெஷின் 16,000. கூட்டினால் 1,70,000. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வரி, வண்டி வாடகை, மாட்டிக் கொடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து 22,000. ஆக 1,92,000. அவர் மனதில் மொத்தம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கடிதத்தில் எழுதும்போது மட்டும் மெஷின் விலையைப் பார்த்துப் போட்டுவிட்டார். நான் பாட்டுக்கு மொத்தத்தை 3,78,000 என்று திருத்தியிருந்தால், மெஷின் வந்து இறங்கும் நாளில் கையை விட்டு 22,000 கட்ட வேண்டியிருந்திருக்கும்.

கொட்டேஷனில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அதில் போட்டிருக்கும் கடைசித் தேதி. பெரும்பாலும் 30 நாள் என்று இருக்கும். விண்ணப்பம் போவதற்குள் அது முடிந்துவிட்டால் புதிதாக ஒன்று வாங்கச் சொல்வார்கள், விலை மாறியிருந்தால் கடிதம் முழுவதும் மறுபடி எழுத வேண்டிவரும். இன்னொன்று, அது யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பது. இவருடையது தம்பி பெயரில் இருந்தது, கடைக்குப் போய் விசாரித்தவர் அவர்தான். உத்யம் சான்றில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயருக்கு, அதே இனிஷியலோடு மாற்றி வாங்கிவரச் சொன்னேன்.

துணிக்கும் நடைமுறைச் செலவுக்கும் கேட்ட 1,90,000க்கு கேள்விக்குறி போட்டேன். அதற்குக் காகிதம் கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனால் கணக்கு இருக்க வேண்டும். உட்கார்ந்து போட்டோம். ஒரு நைட்டிக்குத் துணி 130, தையல் கூலி 35, நூல், ஜிப், லேஸ், பை எல்லாம் சேர்த்து 20. ஆக 185 ரூபாய். ஒரு நாளைக்கு 30 நைட்டி, மாதம் 25 நாள் வேலை என்றால் 750. மாதச் செலவு 1,38,750. சரக்கு தைத்து, கடைக்குப் போட்டு, பணம் கைக்கு வர 40 நாள் ஆகிறது என்றார். 40 நாளைக்கு 1,85,000. லேபிளும் கவரும் மொத்தமாக அச்சடிக்க 5,000. சரியாக 1,90,000. அவர் மனக்கணக்கிலேயே இதைப் போட்டு வைத்திருந்தார், கடிதத்தில்தான் ஒரு வரிகூட இல்லை. "40 நாள் சரக்குச் செலவு" என்று ஒரு வரி சேர்த்து, கணக்கைத் தனித் தாளில் எழுதி இணைத்தோம். மேலாளருக்கு 1,90,000 என்பது பெரிய தொகை, 40 நாள் என்பது புரிகிற தொகை.

இப்போது கடன் தொகை 3,60,000 என்று மாறிவிட்டது. டிடிபி கடையில் திருத்தி வாங்கிவந்தார். மறுபடி பார்த்தால் 'ரூ.3,60,000 (ரூபாய் நான்கு லட்சம் மட்டும்)' என்று இருக்கிறது. பொருள் வரியில் பழைய 4,00,000 அப்படியே நிற்கிறது. ஒரு தொகையைத் திருத்தினால் அது கடிதத்தில் எத்தனை இடத்தில் வருகிறது என்று முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். பொருள் வரி, முதல் பத்தி, பட்டியல், தவணைப் பத்தி, கடைசிக் கோரிக்கை. இதோடு எழுத்தால் எழுதிய இடங்கள் வேறு. இவருடைய கடிதத்தில் ஏழு இடம் இருந்தது. ஏழையும் ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகுதான் அடுத்த வேலை. காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் இருப்பதுதான் தொகை என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. கடிதம் காசோலை இல்லைதான். ஆனாலும் வங்கிக்காரர்களின் கண் அந்தப் பழக்கத்தில் ஊறியது, எழுத்தைத்தான் முதலில் நம்பும்.

இந்த இடத்தில் நான் கையாளும் ஒரு வழி உண்டு. கடிதத்தை ஒருவர் கையில் கொடுத்து எண்களை மட்டும் இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்வேன். "மூன்று, ஆறு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்." நான் மூலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "மூணு லட்சத்து அறுபதாயிரம்" என்று வாசித்தால் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தாலும் வாய் தானாகச் சரியாகச் சொல்லிவிடும். கணக்கு எண்ணுக்கும் செல்போன் எண்ணுக்கும் இதே வழிதான். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் வரும், ஆங்கில ஓ எழுத்து வராது. டைப் அடிப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் அது.

இனி தவணைப் பத்தி. இதில்தான் அதிக நேரம் போனது.

அவர் எழுதியிருந்தது இது: "இந்தக் கடனை ஒரு ரூபாய் வட்டியில் ஐந்து வருடத்தில் மாதம் 10,700 வீதம் கட்டி முடிப்பேன். மூன்று மாதம் கழித்துக் கட்ட ஆரம்பிக்கிறேன்."

ஒரு ரூபாய் வட்டி என்றால் நம் ஊரில் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம். பேச்சில் அது சரி. வங்கிக் கடிதத்தில் ஆண்டு விகிதமாகத்தான் எழுத வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் 10,700 எப்படி வந்தது என்பது. 4 லட்சத்துக்கு வருடம் 48,000 வட்டி, ஐந்து வருடத்துக்கு 2,40,000, அசலோடு சேர்த்து 6,40,000, அதை 60ஆல் வகுத்தால் 10,667. அதைத்தான் 10,700 என்று போட்டிருக்கிறார். தெருவில் கடன் கொடுப்பவர் போடும் கணக்கு இது. அசல் குறையக் குறைய வட்டி குறைவதே இல்லை. வங்கியில் மாதாமாதம் மீதி இருக்கும் அசலுக்குத்தான் வட்டி. 3,60,000க்கு அவர் முறையில் போட்டால் மாதம் 9,600 வரும். வங்கி முறையில் அதே 12 சதவீதத்தில் 60 தவணைக்கு 8,008. மாதம் 1,592 வித்தியாசம்.

கூடுதலாக எழுதினால் நல்லதுதானே என்று தோன்றலாம். கட்ட முடியாத தவணையைக் கட்டுவேன் என்று சொன்னதாக ஆகிவிடும், அது பின்னால் வரும் வருமானக் கணக்கோடு முட்டும். முட்டத்தான் செய்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூன்று மாதம் கழித்து என்றாரே, அது இன்னொரு முடிச்சு. ஐந்து வருடம் என்பது அந்த மூன்று மாதத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்து என்றால் தவணைகள் 57. சேர்க்காமல் என்றால் கடன் முடிய 63 மாதம். அந்த மூன்று மாத வட்டியை அப்போதைக்கப்போது கட்டுகிறாரா, அசலோடு சேர்த்துவிடச் சொல்கிறாரா? இதையும் சொல்லவில்லை. கணினியில் எக்செல் இருந்தால் ஒரே வரியில் கணக்குப் பார்க்கலாம்:

```
=PMT(12%/12, 57, -360000)
```

இது 8,317 என்று காட்டும். மூன்று மாதமும் தலா 3,600 வட்டியைத் தனியாகக் கட்டிவிட்டு, நான்காவது மாதத்திலிருந்து 57 தவணை கட்டினால் இந்தத் தொகை. வட்டியைக் கட்டாமல் அசலோடு சேர்த்தால் அசல் 3,70,908 ஆகிவிடும், தவணை 8,569க்கு ஏறும். ஒரே கடன், ஒரே வட்டி. ஒரு வரி தெளிவில்லாததால் தவணை 8,008 ஆகவும் இருக்கலாம், 8,317 ஆகவும் இருக்கலாம், 8,569 ஆகவும் இருக்கலாம். எது என்று விண்ணப்பதாரரே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டோம்.

வட்டி விகிதத்தை மட்டும் கடிதத்தில் உறுதியாக எழுதவில்லை. விகிதத்தை வைப்பது வங்கி. சிறு தொழில்களுக்கான மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது 2019 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே இன்றைக்கு 12 என்பது அடுத்த வருடம் கூடலாம், குறையலாம். அதனால் "வங்கியின் நடைமுறை வட்டி விகிதத்தில்" என்றும், தவணைக்கு முன்னால் "12 சதவீதம் எனக் கொண்டால் சுமார்" என்றும் சேர்த்தோம். சில கிளைகளில் துணிக்கான பணத்தைத் தனியாகப் பிரித்து, எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி போடும் கேஷ் கிரெடிட் கணக்காகத் தருவார்கள். அப்படிப் பிரித்தால் அந்தப் பகுதிக்கு மாதத் தவணையே கிடையாது. இவருடைய கிளையில் முழுவதும் ஒரே தவணைக் கடன்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இந்தப் பத்தியை எழுதினோம்.

இப்போது வருமானம். கடிதத்தில் "தற்போது மாதம் 60,000 வருமானம் வருகிறது, கடன் கிடைத்தால் 1,65,000 வரும்" என்று இருந்தது. பாஸ்புக்கைப் பார்த்தால் மாதம் சராசரி 35,000தான் வரவு. 60,000 என்பது மொத்த விற்பனை, அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகக் கணக்கில் வருகிறது, மீதி ரொக்கம். பொய் ஒன்றும் இல்லை, எழுதிய விதம்தான் பொய் மாதிரி தெரிகிறது. "மாத விற்பனை சுமார் 60,000. இதில் சுமார் 35,000 வங்கிக் கணக்கு வழியாகவும் மீதி ரொக்கமாகவும் பெறப்படுகிறது. பில் புத்தக நகல் இணைத்துள்ளேன்" என்று மாற்றினோம். பாஸ்புக்கும் கடிதமும் இனி ஒன்றையொன்று மறுக்காது.

வரப்போகும் 1,65,000மும் விற்பனைதான். 750 நைட்டி, 220 ரூபாய் வீதம். ஒன்றில் 35 ரூபாய் நிற்கும், மாதம் 26,250. ஷெட் வாடகையும் கரண்டும் 4,500 போனால் 21,750. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். அவர் கொடுப்பது போக வீட்டுச் செலவுக்கு இதிலிருந்து 11,000 எடுக்க வேண்டும். மிச்சம் 10,750. அதிலிருந்து 8,317 தவணை. பரவாயில்லை, 2,433 ரூபாய் நிற்கிறது என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, பையிலிருந்த காகிதக் கட்டில் ஒரு மஞ்சள் அட்டை தெரிந்தது.

"அது குழுக் கடனுங்க. அதைச் சொல்லணுமாங்க? வாரம் வாரம் கரெக்டா கட்டிடறேன்."

ஒரு சிறு நிதி நிறுவனத்தில் வாங்கியது. மாதக் கணக்கில் பார்த்தால் 2,400 கட்டுகிறார், இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. 10,750இல் 2,400 போனால் 8,350. தவணை 8,317. கையில் நிற்பது 33 ரூபாய். ஒரு மெஷினுக்கு பெல்ட் அறுந்தால்கூடக் காணாது. அவர் முதலில் எழுதிய 10,700ஐ வைத்துப் பார்த்தால் மாதம் 2,350 துண்டு விழுகிறது.

சொல்லாமல் விடலாம் என்ற பேச்சே கிடையாது. விண்ணப்பம் உள்ளே போனதும் முதலில் எடுப்பது சிபில் அறிக்கை. குழு வழியாக வாங்கிய சிறு கடனும் அதில் வந்துவிடும். தானாகச் சொன்ன கடனுக்கு ஒரு மதிப்பு, அவர்கள் கண்டுபிடித்த கடனுக்கு வேறு மதிப்பு. என்ன செய்யலாம் என்று பார்த்தோம். கடனைக் குறைத்தால் ஒரு மெஷின் குறையும், உற்பத்தியும் குறையும், கணக்கு அதே இடத்தில்தான் நிற்கும். அவருக்கு ஒரு ஏலச்சீட்டு அந்த மாதம் முடிகிறது, 60,000 வரும், அதில்தான் அந்த 40,000 சொந்தப் பங்கு. மீதியில் குழுக் கடனை அடைக்க முடியுமா என்று கேட்டு வந்தார். முன்கூட்டியே முடித்தால் 18,000 என்றார்களாம். முடித்துவிட்டு, கடன் தீர்ந்ததற்கான சான்று வாங்கி இணைத்தார். சிபில் பதிவில் மாறிவர சில வாரம் ஆகலாம், அதுவரை அந்தச் சான்றுதான் பேசும். கடிதத்தில் ஒரே வரி: "எனக்கு இருந்த சிறு கடன் இம்மாதம் முழுமையாகச் செலுத்தி முடிக்கப்பட்டது. சான்று இணைப்பில் உள்ளது."

முதல் மூன்று மாதம் எதற்குக் கேட்கிறார் என்பதும் கடிதத்தில் இல்லாமல் இருந்தது. காரணம் இல்லாத சலுகைக் கோரிக்கை தயக்கமாகத் தெரியும். புது ஆட்களுக்குப் பழக்கம் வர வேண்டும், ஆரம்பத்தில் நாளைக்கு 20 நைட்டிதான் தைக்க முடியும். மாதம் 500, அதில் 17,500, வாடகையும் கரண்டும் போக 13,000. வட்டி 3,600 கட்டினால் 9,400 நிற்கும், வீட்டுக்கு 1,600 குறைவாக எடுத்துச் சமாளிக்கலாம். முழுத் தவணை கட்ட முடியாது, வட்டி கட்ட முடியும். இதை அப்படியே இரண்டு வாக்கியத்தில் எழுதினோம்.

எண்கள் எல்லாம் நின்ற பிறகுதான் நடைக்கு வந்தேன். கடிதத்தை இரண்டு பேர் எழுதியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. ஆரம்பம் அக்காவுடையது: "எங்கள் குடும்பத்தை வாழவைக்கும் தெய்வமாகிய மேலாளர் ஐயா அவர்களின் பொற்பாதங்களை வணங்கி." முடிவு தம்பியுடையது: "அரசு அறிவித்த திட்டத்தில் கடன் தர மறுக்க வங்கிக்கு உரிமை இல்லை. தாமதித்தால் மேலிடத்தில் புகார் செய்யப்படும்." மேலாளர் ஒரு பெண் என்பது இருவருக்குமே தெரியவில்லை.

காலில் விழுவது மரியாதை என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். படிப்பவருக்கு அது சங்கடம். உதவி கேட்டு வருபவருக்குக் கடனைத் திருப்பிக் கட்டும் எண்ணம் எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வரும். மிரட்டல் வரியோ இன்னும் மோசம், மறுப்பே வராத நேரத்தில் மறுப்புக்குப் பதில் எழுதுவது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்கலாம், அது வேறு கடிதம், வேறு நாள். முதல் கடிதத்தில் அதற்கு இடமில்லை. இரண்டையும் எடுத்துவிட்டு "மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்" என்று தொடங்கினோம். யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் "ஐயா / அம்மையீர்" போதும்.

அக்கா கொஞ்சம் வருத்தப்பட்டார். "கஷ்டத்தைச் சொன்னாத்தானங்க மனசு இரங்குவாங்க?" என்றார். அவர் கடிதத்தில் கஷ்டம் ஒரு பக்கம் இருந்தது, ஆறு வருடமாகத் தைக்கிறார் என்பதும், எட்டுக் கடைகள் தொடர்ந்து வாங்குகின்றன என்பதும் எங்கேயும் இல்லை. கஷ்டப் பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இரண்டு தகவலையும் வைத்தோம். 'தயவுகூர்ந்து' என்பது அவர் கடிதத்தில் ஒன்பது இடத்தில் இருந்தது. கடைசிக் கோரிக்கையில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். 'கண்டிப்பாக', 'சத்தியமாக', 'நூறு சதவீதம்' எல்லாவற்றையும் அடித்தேன். சத்தியம் செய்த இடத்தில் கணக்கு வந்துவிட்டது.

முக்கியமான இரண்டு பத்திகள் கடைசியில் இப்படி நின்றன:

"மேற்கண்ட தொழில் விரிவாக்கத்திற்கு ஆகும் மொத்தச் செலவு ரூ.4,00,000. இதில் எனது பங்காக ரூ.40,000 செலுத்துகிறேன். மீதமுள்ள ரூ.3,60,000 (ரூபாய் மூன்று லட்சத்து அறுபதாயிரம் மட்டும்) தொகையை முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் கடனாக வழங்குமாறு தயவுகூர்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

கடனை வங்கியின் நடைமுறை வட்டி விகிதத்தில், முதல் மூன்று மாதங்கள் உட்பட மொத்தம் 60 மாதங்களில் செலுத்த விரும்புகிறேன். முதல் மூன்று மாதங்கள் வட்டியை மட்டும் மாதந்தோறும் செலுத்தி, நான்காம் மாதம் முதல் 57 சம தவணைகளில் அசலும் வட்டியும் செலுத்துவேன். வட்டி 12 சதவீதம் எனக் கொண்டால் மாதத் தவணை சுமார் ரூ.8,317 ஆகும். எதிர்பார்க்கும் மாத வரவு செலவுக் கணக்கு இணைப்பு 4இல் உள்ளது."

இணைப்புகளுக்கு எண் போட்டது இதற்காகத்தான். கடிதத்தில் 'இணைப்பு 4' என்று வந்தால் நான்காவது தாளின் மேல் மூலையிலும் 4 இருக்க வேண்டும். அந்தக் கிளையில் கடன் பார்ப்பவர் வெளிமாநிலத்துக்காரர், தமிழ் வாசிக்க வராது என்று தெரிந்ததால் ஆங்கிலத்திலும் ஒரு பிரதி தயாரித்தோம். இரண்டு மொழியில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை மட்டும் மறுபடி ஒருமுறை இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும். வங்கியின் விண்ணப்பப் படிவத்தில் எழுதும் தொகைகளும் இதோடு சேர்ந்தே. படிவத்தில் 'கடன் தொகை' கட்டத்தில் அவர் பழக்கத்தில் மறுபடி 4,00,000 எழுதப் போனார், பேனாவைப் பிடித்து நிறுத்தினேன்.

கொடுத்த நாளில் நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். ஃபீல்டு ஆபீசர் ஷெட்டைப் பார்க்க வந்தபோது 40 நாள் கணக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்டாராம். கடன் அனுமதியானது. மெஷின் பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போனது.

அனுமதிக் கடிதம் வந்ததும் அதையும் பென்சிலோடு படித்தோம். தொகை, மாதங்கள், முதல் மூன்று மாத வட்டி எல்லாம் கேட்டபடியே இருந்தன. வட்டி மட்டும் கால் சதவீதம் கூடுதல், தவணையில் சிறு வித்தியாசம்தான். ஒரே ஒரு இடத்தில் வட்டம் போட்டேன், தவணைத் தேதி மாதம் 5 என்று இருந்தது. அவருக்குக் கடைகளிலிருந்து பணம் வருவது 10ஆம் தேதி வாக்கில். 5ஆம் தேதி கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அபராதம் ஒரு பக்கம், சிபில் பதிவில் தாமதம் ஒரு பக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போய்க் கேட்கச் சொன்னேன். தேதியை 12க்கு மாற்றித் தந்தார்கள்.